கொப்பிப் பக்கத்தில் புரதக் கணக்கு

கேள்வி: வயது 34, எடை 70 கிலோ, கொழும்பு கோட்டையில் அலுவலக வேலை. ஒரு நாள் சாப்பிட்டதைக் கொப்பியில் எழுதி, படம் எடுத்து அனுப்பியிருக்கிறேன். கலோரியும் புரதமும் எவ்வளவு? "புரதம் காணாது, புரத மா டின் வாங்கு" என்கிறார் ஜிம் மாஸ்டர். வாங்கலாமா? – வெள்ளவத்தை வாசகர்

பதில்: டின்னை இப்போது வாங்க வேண்டாம்.

உங்கள் பக்கத்தில் "ரீ 3" என்று இருக்கிறது. மூன்று ரீயா, ஒரு ரீக்கு மூன்று கரண்டி சீனியா? இரண்டுக்கும் கலோரியில் வித்தியாசம் உண்டு. சீனி என்றே எடுத்துக்கொண்டேன். "சோறு 1" என்பதை ஒரு பார்சல் என்று கொண்டு, சோறு மட்டும் 400 கிராம் என வைத்தேன். பார்சலில் எடை எழுதும் வழக்கம் இங்கே இல்லை; கேட்பாரும் இல்லை. ஒரு நாள் வீட்டுத் தராசில் நிறுத்துப் பாருங்கள், என் கணக்கில் பெரிய பிழை வந்தால் அங்கேதான் வரும்.

காலையில் கால் றாத்தல் பாண், பருப்பு, சம்பல்: ஏறக்குறைய 500 கலோரி, 16 கிராம் புரதம். பத்து மணி ரீயும் ரோல்ஸும் 300, புரதம் 7. மதியச் சோறு, ஒரு துண்டு மீன், கறிகள் 780, புரதம் 28. பின்னேர ரீயும் மாரி பிஸ்கட்டும் 200, புரதம் 4. இரவு எட்டு இடியப்பம், சொதி, சம்பல் 600, புரதம் 8 மட்டுமே. மொத்தம் 2,400 கலோரியை ஒட்டி, 63 கிராம் புரதம். கலோரி 300 கூடலாம், குறையலாம்.

சாதாரண ஆளுக்குக் கிலோவுக்கு 0.8 கிராம், அதாவது உங்களுக்கு 56 போதும். பாரம் தூக்குவதால் 85 வரை போகலாம். இரவில் மூன்று இடியப்பத்தைக் குறைத்து இரண்டு அவித்த முட்டை சேருங்கள். மதியம் சோற்றில் மூன்றில் ஒரு பங்கை விட்டு, இன்னொரு துண்டு மீன் வாங்குங்கள். ரோல்ஸுக்குப் பதில் அரைக் கோப்பை அவித்த கடலை. புரதம் 85ஐத் தொடும், கலோரி கூடாது.

டின்னில் ஒரு கரண்டிக்குச் சுமார் 24 கிராம் புரதம். இரண்டு முட்டையும் ஒரு துண்டு மீனும் அதையே தரும். விற்பவருக்குக் கமிஷன் உண்டா என்று கேளுங்கள். "மாஸ் கெய்னர்" என்று எழுதிய டின்னில் பெரும்பகுதி மாவும் சீனியும்தான், புரதம் கொஞ்சம்.

ஒன்றை மட்டும் அழுத்திச் சொல்கிறேன். சிறுநீரக நோய் இருந்தால் மேலே சொன்ன எதையும் செய்யாதீர்கள், முட்டையைக்கூடக் கூட்டாதீர்கள். உங்களுக்கு நீரிழிவோ உயர் இரத்த அழுத்தமோ இருந்தால், முதலில் இரத்தத்தில் கிரியேட்டினினும் சிறுநீரில் அல்புமினும் பாருங்கள். கிரியேட்டினினோ அல்புமினோ கூடியிருந்தால் புரத அளவை டொக்டர்தான் சொல்ல வேண்டும், ஜிம் மாஸ்டர் அல்ல. பல கிளினிக்குகளில் எல்லோருக்கும் நீட்டும் ஒரே போட்டோ கொப்பி உணவுத் தாளும் அதற்கு உதவாது. உங்கள் இரத்த அறிக்கையைக் காட்டி, நாளுக்கு எத்தனை கிராம் என்று கேட்டு வாங்குங்கள்.

அடுத்த முறை ஞாயிற்றுக்கிழமைப் பக்கத்தையும் சேர்த்து அனுப்புங்கள். கொப்பியின் வலது ஓரம் படத்தில் வெட்டுப்பட்டிருக்கிறது, சில அளவுகள் அங்கே போய்விட்டன.