லொறி வரும் நேரமும் லிஃப்ட் நேரமும்

"அண்ணா, நாங்கள் கல்லடியிலிருந்து வந்து கொஞ்சக் காலம்தான். இந்த 31ஆம் திகதி ஸ்காபரோ பேஸ்மென்டிலிருந்து பதினோராம் மாடிக் கொண்டோவுக்கு மாறுகிறோம். லொறி காலை 8க்கும் 10க்கும் இடையில் வருமாம். லிஃப்ட் 9 முதல் 12 வரை புக் பண்ணியாச்சு. சரிவருமா?"

இப்படியே விட்டால் சரிவராது தம்பி. லொறி 8 மணிக்கே வந்தாலும், பேஸ்மென்ட் படியால் கட்டிலையும் அலுமாரியையும் தூக்கி ஏற்றி முடிய 10 ஆகிவிடும். அரை மணித்தியால ஓட்டம் என்று வைத்தால் 10.30க்குப் போய்ச் சேருவீர்கள். லிஃப்டுக்கு ஒன்றரை மணித்தியாலம்தான் மிச்சம். லொறி 10 மணிக்கு வந்தாலோ நீங்கள் போய் நிற்க 12.30. மாதக் கடைசி என்பதால் அதற்குள் அடுத்த வீட்டுக்காரர் லிஃப்டைப் பிடித்திருப்பார்.

முதலில் கொண்டோ அலுவலகத்துக்குப் போன் எடுத்து 10.30 முதல் 2 வரை, இல்லாவிட்டால் 11 முதல் 2 வரை மாற்றித் தரக் கேளுங்கள். பல கட்டிடங்களில் சாமான் ஏற்ற ஒரேயொரு லிஃப்டைத்தான் ஒதுக்குவார்கள். அதனால் அதை உறுதி செய்த பிறகுதான் லொறிக்காரரோடு பேச வேண்டும். அவரிடம், "எங்களுடையது அன்றைய முதல் வேலையாக இருக்கட்டும், 8 மணிக்கு வாசலில் நிற்க வேண்டும்" என்று சொல்லி, பதிலை மெசேஜில் வாங்குங்கள். இரண்டாவது வேலையாகப் போட்டால் முந்தின வீட்டுத் தாமதமெல்லாம் உங்கள் தலையில்தான் விழும். லிஃப்டை ஒரேயடியாக 1 மணிக்குத் தள்ளுவதும் நல்லதல்ல. மணித்தியாலக் கணக்கில் காசு வாங்குகிறவர்கள் சும்மா நிற்கும் நேரத்துக்கும் வாங்குவார்கள்.

ஊரில் என்றால் ஒரு பட்டா லொறியைப் பிடித்து, பக்கத்து வீட்டுப் பொடியன்களைக் கூப்பிட்டால் அலுவல் முடிந்தது. இங்கே லொறி எந்த வாசலால் உள்ளே வர வேண்டும் என்பதற்கே ஒழுங்கு இருக்கிறது. சாமான் இறக்கும் இடத்தின் கூரை உயரத்தை அலுவலகத்தில் கேட்டு, லொறியின் உயரத்தோடு ஒப்பிட்டுப் பாருங்கள். உள்ளே போக முடியாத லொறி தெருவில் நின்றால், ஒவ்வொரு பெட்டியும் அங்கிருந்து நடந்துதான் வரும். லிஃப்டின் கதவு அகலத்தையும் உள் உயரத்தையும் டேப்பால் அளந்து வையுங்கள். பெரிய மெத்தையும் நீளச் சோபாவும்தான் வழக்கமாக மாட்டிக்கொள்ளும். சில இடங்களில் லொறிக் கம்பனியின் காப்புறுதிக் கடிதத்தை முன்கூட்டியே கேட்பார்கள். அது இல்லையென்றால் காவலாளி லிஃப்ட் திறப்பைத் தரமாட்டார்.

இரண்டு நாளைக்கு முன்பு இரண்டு பக்கமும் திரும்பவும் போன் எடுங்கள். அன்று காலை அழைக்க லொறி ஓட்டுநருடைய நம்பரையே வாங்குங்கள், அலுவலக நம்பர் போதாது. லிஃப்டுக்கு டெபாசிட் கட்டியிருந்தால், முதல் பெட்டி ஏறுமுன் உள்சுவரையும் கதவையும் படம் எடுத்து வையுங்கள். பழைய கீறலுக்கும் காசு பிடிக்கப் பார்ப்பார்கள்.