கோதுமைப்புல் சாறு குடித்தால் குமட்டுகிறது: கழிவு வெளியேறுகிறதா, ட்ரேயில் பூசணமா?

"வீட்டிலேயே ட்ரேயில் கோதுமைப்புல் வளர்த்து, ஒரு மாதமாகக் காலையில் வெறும் வயிற்றில் 60 மில்லி சாறு குடிக்கிறேன். ஹீமோகுளோபின் 9.8தான் இருக்கிறது, அதற்காகத்தான் ஆரம்பித்தேன். குடித்த பத்து நிமிடத்தில் குமட்டும், அரை மணியில் அடங்கிவிடும். 'உடம்புக் கழிவு வெளியேறுகிறது, விடாமல் குடி' என்கிறார்கள். மழை பிடித்ததிலிருந்து விதைகளுக்கு நடுவே வெள்ளையாகப் பஞ்சு மாதிரி வருகிறது. அதற்கு மேலேதான் வெட்டுகிறேன். போன வாரம் குடித்து நாலு மணி நேரம் கழித்து இரண்டு தடவை வாந்தி, கூடவே பேதி. தொடரலாமா?" (வாசகி, கோவை)

இப்போதைக்கு நிறுத்துங்கள். அந்த ட்ரேயையும் காலி செய்துவிடுங்கள். உங்களுக்கு வந்தது ஒரே தொந்தரவு அல்ல, இரண்டு. தினமும் பத்தாவது நிமிடத்தில் வந்த குமட்டல் வேறு. நாலு மணி நேரம் கழித்து வந்த வாந்தி வேறு. இரண்டையும் 'கழிவு வெளியேறுகிறது' என்ற ஒரே மூட்டையில் கட்டியதால்தான் இரண்டாவதைக் கவனிக்காமல் விட்டிருக்கிறீர்கள்.

முதலாவது பெரும்பாலும் வாசனையும் அளவும் செய்கிற வேலை. புல்லை அரைத்ததும் இலை கிழிந்து, புல்வெட்டிய மைதானத்தில் வருமே, அந்தப் பச்சை நெடி கிளம்புகிறது. அதோடு திகட்டும் இனிப்பும் லேசான கசப்பும் சேர்ந்து, இரவு முழுக்கக் காலியாக இருந்த வயிற்றில் 60 மில்லி ஒரே மடக்கில் இறங்கினால் பலருக்குப் புரட்டும். சில நிமிடங்களில் தொடங்கி அரை மணி, ஒரு மணிக்குள் அடங்குவதுதான் இதன் அடையாளம். நச்சு வெளியேறுவதற்கும் இதற்கும் சம்பந்தமில்லை. கழிவை அகற்றும் வேலையைக் கல்லீரலும் சிறுநீரகமும் ஓசையில்லாமல் செய்துகொண்டிருக்கின்றன; அதற்குக் குமட்ட வேண்டிய அவசியம் இல்லை.

இரண்டாவது கெட்டுப்போன உணவின் போக்கு. ஸ்டெஃபிலோகாக்கஸ் போன்ற சில கிருமிகள் உணவிலேயே நஞ்சை உண்டாக்கி வைத்துவிடும். அப்படிப்பட்டதைச் சாப்பிட்டால் ஒன்று முதல் ஆறு மணி நேரத்துக்குள் வாந்தி வரும். சால்மொனெல்லா மாதிரியானவை குடலுக்குள் பெருகிய பிறகே தொல்லை தருவதால் ஆறு மணி நேரத்திலிருந்து சில நாட்கள் வரை ஆகலாம். முந்தைய நாள் சாப்பாட்டின் மீதும் சந்தேகப்படலாம்தான். ஆனால் முளைவிடும் விதைக்கு வேண்டிய ஈரம், வெதுவெதுப்பு, இருட்டு மூன்றும் கிருமிக்கும் பூசணத்துக்கும் அப்படியே பொருந்தும். சாற்றை நாம் கொதிக்க வைப்பதும் இல்லை. மறுபடி இப்படி வந்து, காய்ச்சல் இருந்தாலோ, மலத்தில் ரத்தம் தெரிந்தாலோ, தண்ணீர்கூட வயிற்றில் தங்காவிட்டாலோ உடனே மருத்துவரிடம் போக வேண்டும். தடிப்பு, உதடு வீக்கம், மூச்சுத்திணறல் வந்தால் அது ஒவ்வாமை. நேரே அவசரப் பிரிவுக்குப் போங்கள்.

அடுத்து, ட்ரேயில் தெரிவது பூசணம்தானா என்று பார்க்க வேண்டும். முளைத்த இரண்டாம், மூன்றாம் நாளில் வேரைச் சுற்றி வெள்ளையாக ரோமம் மாதிரி வருவது வேர்த்தூவி. அது ஒவ்வொரு வேரையும் ஒட்டி, பாட்டில் கழுவும் பிரஷ் போலச் சீராகச் சுற்றி நிற்கும். தண்ணீர் தெளித்ததும் வேரோடு ஒட்டிக்கொண்டு கண்ணுக்குத் தெரியாமல் போய்விடும், வாசனையும் இருக்காது. பூசணம் ஒரு விதையிலிருந்து அடுத்த விதைக்குச் சிலந்தி வலை போலத் தாவும். தெளித்தால் அமுங்கும், ஆனால் மறையாது. ஓரிரு நாளில் சாம்பல், பச்சை அல்லது கருப்புப் புள்ளி விழும். மூடியைத் திறந்ததும் நனைந்த சாக்கு வாடை அடிக்கும், விதையைத் தொட்டால் வழுவழுக்கும். 'விதைகளுக்கு நடுவே' என்று நீங்கள் எழுதியிருப்பதும், மழையோடு தொடங்கியது என்பதும் பூசணத்தையே காட்டுகின்றன.

அதற்கு மேலே வெட்டினால் போதும் என்று புல் வளர்ப்பு கிட் விற்பவர்களும் சொல்வார்கள். அது போதாது. கண்ணில் படும் பஞ்சு பூசணத்தின் ஒரு பகுதிதான். அதன் வித்துகள் தூளாகப் பறந்து இலை மேல் படிந்திருக்கும். தண்ணீர் தெளிக்கும்போது அடியில் இருக்கும் கிருமியும் மேலே தெறிக்கும். சில பூசணங்கள் உண்டாக்கும் நஞ்சு கழுவினாலும் போகாது. மஞ்சள் தண்ணீர், வினிகர் தெளித்துக் காப்பாற்றப் பார்க்காதீர்கள். முழு ட்ரேயையும் லேசாக நனைத்து (உலர்ந்திருந்தால் வித்து பறக்கும்), பையில் கட்டி வெளியே போடுங்கள். வீட்டில் ஆஸ்துமா உள்ளவர் இருந்தால் அவர் அந்த வேலையைச் செய்ய வேண்டாம்.

திரும்ப வளர்ப்பதாக இருந்தால், பூசணம் ஏன் வந்தது என்பதிலிருந்து தொடங்க வேண்டும். கோதுமை குளிர்காலப் பயிர். 20 டிகிரியை ஒட்டிய வெப்பத்தில் சுகமாக வளரும். நம் சமையலறையின் வெப்பத்திலும் ஐப்பசி மழைக்காற்றின் ஈரத்திலும் அதைவிடப் பூசணத்துக்குத்தான் கொண்டாட்டம். அதற்கு முதல் தீனி முளைக்காத விதை. சமையலுக்காகத் தோல் நீக்கிய கோதுமையில் முளைக்கரு அடிபட்ட மணிகள் நிறைய இருக்கும். ஈரத்தில் கிடந்து அழுகுவது அவைதான். அதனால் முதலில் 100 மணிகளை எண்ணி ஈரத்துணியில் சுற்றி இரண்டு நாள் வையுங்கள். 90-க்குக் குறைவாக முளைத்தால் அந்தக் கோதுமை சப்பாத்திக்குப் போகட்டும். விவசாயக் கடையில் கிடைக்கும் விதைக் கோதுமை பக்கமே போகாதீர்கள். அதில் பூஞ்சைக்கொல்லி மருந்து பூசியிருப்பார்கள், பெரும்பாலும் இளஞ்சிவப்பாகச் சாயமும் ஏற்றியிருக்கும்.

அடுத்த தவறு நெருக்கம். 25-க்கு 30 சென்டிமீட்டர் ட்ரேக்கு 120 கிராம் உலர்ந்த கோதுமை போதும். ஊறிய பின் ஒரே அடுக்காகப் பரவும். பலர் 250 கிராம் கொட்டுகிறார்கள். புல் அடர்த்தியாக வரும், ஆனால் அடி அடுக்குக்குக் காற்றே போகாது. நன்றாகக் கழுவி 8 மணி நேரம் ஊறவையுங்கள். அதற்கு மேல் விட்டால் வெயில் காலத்தில் புளித்த வாடை வந்துவிடும். பிறகு வடிகட்டியில் ஒரு நாள் வைத்து மூன்று தடவை அலசுங்கள். முளை எட்டிப் பார்த்ததும், அடியில் துளை உள்ள ட்ரேயில் இரண்டு சென்டிமீட்டர் தேங்காய் நார்த்தூள் போட்டு அதன் மேல் பரப்புங்கள். நார்த்தூளைக் கையில் பிடித்துப் பிழிந்தால் இரண்டு மூன்று சொட்டு விழ வேண்டும். தாரையாக வழிந்தால் ஈரம் அதிகம்.

இரண்டு நாள் மூடி வைக்கலாம், ஆனால் காலையும் மாலையும் திறந்து காற்றுப் படவிட வேண்டும். அதன் பின் வெளிச்சமான இடத்தில் மின்விசிறிக் காற்று மெதுவாகப் படும்படி வையுங்கள். தண்ணீர் காலையில் மட்டும், அதுவும் கீழ்த்தட்டில் ஊற்றி, உறிஞ்சியது போக மிச்சத்தைக் கொட்டிவிடுங்கள். இரவு நனைந்த விதை விடியும் வரை உலராது. ஏழு முதல் ஒன்பது நாளில் ஒரு சாண் உயரம் வந்ததும் வெட்டுங்கள். ஒரே ட்ரேயில் இரண்டாம் அறுவடைக்கு ஆசைப்பட வேண்டாம். அதற்குள் அடி விதைகள் அழுகத் தொடங்கியிருக்கும். பூசணம் அங்கேதான் பிடிக்கும். காலியான ட்ரேயைச் சோப்பு போட்டுத் தேய்த்து, ஒரு லிட்டர் தண்ணீரில் 15 மில்லி ப்ளீச் கலந்து பத்து நிமிடம் ஊறவைத்து, அலசி வெயிலில் காயவையுங்கள். ப்ளீச்சோடு வினிகரோ கழிவறை சுத்தம் செய்யும் ஆசிடோ சேரக் கூடாது, நச்சுவாயு வரும்.

இவ்வளவு சிரமம் எதற்காக என்ற கேள்விக்கு வருவோம். பச்சையம் எனப்படும் குளோரோஃபில்லும் ஹீமோகுளோபினும் வடிவத்தில் ஒத்திருப்பதால் புல்சாறு 'பச்சை ரத்தம்' என்கிறார்கள். குளோரோஃபில்லின் நடுவே மக்னீசியம், ஹீமோகுளோபினில் இரும்பு. உடல் பச்சையத்தை ரத்தமாக மாற்றுவதில்லை. இரும்புக் கணக்கைப் பாருங்கள்: தண்ணீர் சேர்க்காத 30 மில்லி சாற்றில் சுமார் 0.6 மில்லிகிராம் இரும்புதான். பெண்களுக்கு நாளொன்றுக்கு மத்திய அரசின் மருத்துவ ஆராய்ச்சி அமைப்பான ஐ.சி.எம்.ஆர். பரிந்துரைப்பது 29 மில்லிகிராம். ஆரம்ப சுகாதார நிலையத்தில் தரும் இரும்பு மாத்திரை ஒன்றில் 60 மில்லிகிராம் இருக்கிறது, அதாவது நூறு மடங்கு. நீங்கள் குடித்த 60 மில்லியில் ஒரு மில்லிகிராம் சொச்சம். 9.8 என்பது இதில் ஏறாது. இரும்புக் குறைவா, பி12 குறைவா, மாதவிடாயில் அதிகம் போகிறதா என்று மருத்துவர் பார்த்துத்தான் மருந்து தர வேண்டும்.

சாற்றுக்கு ஆதாரமே இல்லை என்று சொல்ல முடியாது. பெருங்குடல் புண் நோயாளிகள் 23 பேரை வைத்து இஸ்ரேலில் நடந்து, 2002-இல் வெளியான சிறு ஆய்வில் ஓரளவு நிவாரணம் தெரிந்தது. தலசீமியா என்ற பரம்பரை ரத்த நோய் உள்ளவர்களிடம் சண்டிகரில் நடந்த சிறு ஆய்வு நம்பிக்கை தந்தது. பிறகு வந்த ஆய்வில் அந்தப் பலன் தெரியவில்லை. புற்றுநோயையோ சர்க்கரையையோ குணமாக்கும் என்பதற்குச் சான்று இல்லை. இந்தச் சாற்றைப் பிரபலமாக்கிய பாஸ்டன் நகரின் ஆன் விக்மோர், எய்ட்ஸையும் குணமாக்கலாம் என்ற அளவுக்குப் போய் 1988-இல் மாசசூசெட்ஸ் அரசின் வழக்கைச் சந்தித்தார்.

இதெல்லாம் தெரிந்தும் ருசிக்காகவோ பழக்கத்துக்காகவோ குடிக்க விரும்பினால், ஒரு வாரம் வயிறு அமைதியாக இருந்த பிறகு, புது ட்ரேயின் புல்லில் தொடங்குங்கள். 10 மில்லி சாறு, அரை டம்ளர் தண்ணீர், சிறிது எலுமிச்சை, ஒரு துண்டு இஞ்சி. காலைச் சாப்பாடு முடிந்து அரை மணி கழித்து, மடக்கென்று குடிக்காமல் சிறிது சிறிதாக. மூன்று நாளுக்கு ஒருமுறை 5 மில்லி கூட்டி 30-இல் நிறுத்துங்கள். சுத்தமான ட்ரே, சாப்பாட்டுக்குப் பின், சின்ன அளவு, மூன்றும் இருந்தும் குமட்டினால் உங்களுக்கு அது ஒத்துவரவில்லை என்று விட்டுவிடலாம். அதே காசுக்கு முருங்கைக்கீரை நிறையக் கிடைக்கும். ரத்தம் உறையாமல் தடுக்கும் வார்ஃபரின் மாத்திரை சாப்பிடுபவர்கள் புல்லில் உள்ள வைட்டமின் கே காரணமாக மருத்துவரைக் கேட்காமல் தொடக் கூடாது. கர்ப்பிணிகளும், கீமோதெரபியில் இருப்பவர்களும், கோதுமை ஒவ்வாமை அல்லது குளூட்டன் என்ற கோதுமைப் புரதம் ஒத்துக்கொள்ளாத சீலியாக் நோய் உள்ளவர்களும் வீட்டு ட்ரே சாற்றைத் தவிர்ப்பதே நல்லது. இலையில் குளூட்டன் இல்லை என்பது சரிதான், ஆனால் வெட்டும்போது ஒரு விதை ஒட்டிக்கொண்டு வந்தால் போதும்.

அரைத்ததைக் கால் மணி நேரத்துக்குள் குடித்துவிடுங்கள், மிச்சத்தை ஃப்ரிட்ஜில் வைக்காதீர்கள். வடிகட்டும் துணியைத் தினமும் கொதிநீரில் போட்டு எடுங்கள். மிக்ஸி ஜாடியின் பிளேடுக்கு அடியில் இருக்கும் ரப்பர் வாஷரையும் ஒருமுறை கழற்றிப் பாருங்கள். ஒரு மாதப் புல் நார் அங்கே பச்சையாக ஒட்டிக்கொண்டிருந்தால், போன வார வாந்திக்கு ட்ரேயோடு அதையும் சேர்த்துத்தான் சந்தேகப்பட வேண்டும்.