ஸ்டிக்கர் சிவந்தால் வாரண்டி போய்விடுமா?

“வக்கீல் ஐயா, கோத்தகிரி பக்கம் ஒரு எஸ்டேட்டில் கணக்கு எழுதுகிறேன். ஏழு மாதத்துக்கு முன் 24,000 ரூபாய்க்கு வாங்கிய போனில் திடீரென்று மேலிருந்து கீழாக ஒரு பச்சைக் கோடு விழுந்துவிட்டது. கோயம்புத்தூர் சர்வீஸ் சென்டரில், ‘சிம் போடுகிற இடத்தில் ஸ்டிக்கர் சிவந்திருக்கிறது, தண்ணி போயிருக்கு. கண்ணாடி மூலையில் மயிரிழை விரிசலும் இருக்கு. வாரண்டி கிடையாது, 11,800 ஆகும்’ என்கிறார்கள். போன் தண்ணீரில் விழவே இல்லை. தண்ணீர் தாங்கும், ஐபி68 என்று சொல்லித்தானே விற்றார்கள்? இங்கே இருக்கிற மஞ்சுக்கே ஸ்டிக்கர் சிவக்காதா?”

முதலில் இரண்டு வேலைகளைச் செய்யாமல் இருங்கள். பணத்தைக் கட்டாதீர்கள். ‘திறந்து பார்த்துச் சொல்கிறேன்’ என்கிற உள்ளூர்க் கடையிலும் கொடுக்காதீர்கள். வெளியாள் திறந்த போனுக்கு வாரண்டி இல்லை என்று ஏறக்குறைய எல்லா வாரண்டியிலும் ஒரு வரி இருக்கும். அந்தக் காரணத்தை நீங்களே அவர்கள் கையில் கொடுக்க வேண்டாம்.

அடுத்து, டப்பாவில் இருக்கும் வாரண்டிச் சீட்டை எடுங்கள். இல்லாவிட்டால் கம்பெனி இணையதளத்தில் உங்கள் மாடலுக்கு உள்ளதை இறக்கிக்கொள்ளுங்கள். ‘எவற்றுக்குப் பொருந்தாது’ என்ற பகுதியில் தண்ணீர் பற்றிய வாக்கியம் எப்படி முடிகிறது என்று பாருங்கள். பெரும்பாலும் ‘திரவம் பட்டதால் ஏற்பட்ட சேதம்’ என்றுதான் இருக்கும். சில சீட்டுகளில் மட்டும் ‘திரவம் பட்ட அடையாளம் இருந்தால் வாரண்டி ரத்து’ என்று இருக்கும். படிக்கும்போது ஒன்றுபோலத் தோன்றும் இந்த இரண்டுக்கும் நடுவில்தான் உங்கள் வழக்கு நிற்கிறது.

முதல் வகையில், தண்ணீர் பட்டது என்று காட்டினால் போதாது. தண்ணீரால்தான் இந்தப் பச்சைக் கோடு வந்தது என்று கம்பெனி காட்ட வேண்டும். விலக்குப் பிரிவைச் சொல்லிப் பொறுப்பைத் தட்டிக்கழிக்கிறவரே அந்தப் பிரிவு பொருந்துகிறது என்பதை நிரூபிக்க வேண்டும். வாக்கியம் இரண்டு பொருள் தருமானால், அதை எழுதியவருக்கு எதிரான பொருளையே எடுத்துக்கொள்வது வழக்கம். ஸ்டிக்கர் ஒரு புகார்தாரர் மாதிரி: ‘ஈரம் வந்தது’ என்று மட்டும் சொல்லும். எப்போது வந்தது, எவ்வளவு வந்தது, டிஸ்ப்ளே வரை போனதா என்பதெல்லாம் அதற்குத் தெரியாது. போனுக்குள் இருக்கும் சர்க்யூட் பலகையிலோ டிஸ்ப்ளே இணைப்பிலோ பச்சையாகவோ வெள்ளையாகவோ அரிப்பு படிந்திருந்தால்தான் அது சாட்சி. உங்கள் போனை அவர்கள் திறந்து பார்த்தார்களா? பார்த்திருந்தால் படம் எங்கே? சிம் தட்டை உருவி டார்ச் அடித்துப் பார்த்ததோடு சரி என்றால், சிவப்பைத் தவிர அவர்களிடம் ஒன்றும் இல்லை.

இரண்டாம் வகை வாக்கியம் இருந்தால் உங்கள் பாதை கொஞ்சம் கரடு. அது நியாயமற்ற ஒப்பந்தம் என்று வாதிடலாம். ஆனால் 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, ஒப்பந்தமே நியாயமற்றது என்ற புகாரை மாநில நுகர்வோர் ஆணையம்தான் எடுக்கும், மாவட்ட ஆணையம் எடுக்காது. ஒரு போனுக்காகச் சென்னை வரை போவானேன்? புகாரைப் பொருளில் குறைபாடு, சேவையில் குறைபாடு என்றே எழுதுங்கள்.

மஞ்சு பற்றிக் கேட்டீர்கள். ஊட்டியிலும் கோத்தகிரியிலும் இருக்கிறவர்களுக்கு இதைச் சொல்லித் தர வேண்டியதில்லை: வெளிக்குளிரில் இருந்துவிட்டு, உலை கொதிக்கும் அடுக்களைக்குள் நுழைந்ததும் மூக்குக்கண்ணாடி பூத்துப்போகும். போனுக்குள்ளும் அதேதான் நடக்கலாம். திறப்புக்குப் பக்கத்திலேயே ஒட்டியிருக்கிற ஸ்டிக்கருக்கு அந்தத் துளி போதும். ஆனாலும் இந்த வாதத்தை வழக்கின் முதுகெலும்பாக வைக்காதீர்கள். போனின் தொழில்நுட்ப விவரத்தாளைப் பாருங்கள். எவ்வளவு ஈரப்பதம் தாங்கும் என்று சொல்லிவிட்டு, ‘நீர்த்துளியாக உறையாத நிலையில்’ என்று சேர்த்திருப்பார்கள். ‘மஞ்சில் நனைந்திருக்கலாம்’ என்று சர்வீஸ் சென்டர் எழுதித் தரும் ஜாப் ஷீட்டில் நீங்களே எழுதிக் கையெழுத்துப் போட்டால், திரவம் பட்டதை ஒப்புக்கொண்டதாகவே அவர்கள் வக்கீல் வாசிப்பார். பொய் சொல்லச் சொல்லவில்லை. பார்க்காததை ஊகித்து எழுதாதீர்கள் என்கிறேன். ‘தண்ணீரில் விழவில்லை, தண்ணீர் கொட்டவில்லை’ என்பது உங்களுக்குத் தெரிந்தது. அதை மட்டும் எழுதுங்கள்.

ஐபி68 உங்களை முழுக்கக் காப்பாற்றாது. கம்பெனி சொல்லும் ஆழத்தில், சொல்லும் நேரத்துக்கு, புதுப் போனை நல்ல தண்ணீரில் வைத்துச் செய்த சோதனை அது. நாள்பட்டால் இந்தத் தாங்கும் திறன் குறையும், திரவச் சேதம் வாரண்டியில் சேராது என்று அடியில் பொடி எழுத்தில் போட்டிருப்பார்கள். இருந்தாலும் விளம்பரத்தை ஸ்கிரீன்ஷாட் எடுத்து வையுங்கள். மழையில் நனையும் போனை விளம்பரத்தில் காட்டிவிட்டு, ஸ்டிக்கரை மட்டும் பார்த்து வாரண்டியை மறுப்பது நியாயமற்ற வணிக நடைமுறை என்று துணை வாதமாக வைக்கலாம்.

இனி விரிசல். உண்மையில் எனக்குக் கவலை தருவது இதுதான். கண்ணாடி விரிசல் வாரண்டியில் சேராது, அதில் சண்டை போட வழியில்லை. ஆனால் அது விரிசலுக்கான விலக்கு, பச்சைக் கோட்டுக்கு அல்ல. அமோலெட் வகை டிஸ்ப்ளேக்களில் அடியே படாமல் பச்சைக் கோடு வருவது ஊரறிந்த விஷயம். சில கம்பெனிகள் வாரண்டி முடிந்த போன்களுக்குக்கூட இதற்காக இலவசமாக டிஸ்ப்ளே மாற்றிக் கொடுத்திருக்கின்றன. போனைச் சாய்த்துப் பிடித்து, பக்கவாட்டில் வெளிச்சம் அடித்து நாலைந்து படம் எடுங்கள். விரிசல் தொடங்கும் விளிம்பில் கண்ணாடி சிதறிய புள்ளி இருந்தால் அது அடிபட்டதன் குறி. கோடு அந்தப் புள்ளி வழியாகவே ஓடினால், நேராகச் சொல்கிறேன், உங்கள் வழக்கு பலவீனம். விரிசல் ஒரு மூலையிலும் கோடு நடுவிலுமாக, இரண்டும் எங்கும் தொடாமல் இருந்தால் துணிந்து கேட்கலாம்.

போனைத் திரும்ப வாங்கும்போது மறுப்புக்கான காரணத்தை ஜாப் ஷீட்டில் எழுத்தில் கேளுங்கள். சிவந்த ஸ்டிக்கரின் படத்தையும் கேளுங்கள். பிறகு 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகார் பதியுங்கள். பல நேரம் கம்பெனியின் மேல்மட்டம் இதிலேயே இறங்கி வரும். வராவிட்டால் தயாரிப்பாளர், விற்ற கடை, சர்வீஸ் சென்டர் மூவருக்கும் 15 நாள் கெடு வைத்து ஒப்புகையுடன் ஸ்பீடு போஸ்ட்டில் கடிதம். அதற்கும் அசையாவிட்டால் ஊட்டியில் உள்ள மாவட்ட நுகர்வோர் ஆணையம். நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்திலேயே வழக்குப் போடலாம், கோயம்புத்தூருக்கு அலைய வேண்டாம். 5 லட்சம் ரூபாய் வரை கொடுத்து வாங்கிய பொருளுக்குக் கட்டணம் இல்லை. கோளாறு தெரிந்ததிலிருந்து 2 வருடத்துக்குள் போட வேண்டும்.

தேவைப்பட்டால் போனை முத்திரையிட்டு ஆய்வகத்துக்கு அனுப்ப ஆணையம் உத்தரவிடலாம். ஆய்வுக் கட்டணத்தை முதலில் உங்களைத்தான் கட்டச் சொல்வார்கள். 11,800 ரூபாய் தகராறில் அது கட்டுப்படியாகுமா என்று அப்போது யோசிக்க வேண்டியிருக்கும். கம்பெனி தன் சம்பளக்கார டெக்னீஷியனின் அறிக்கையை மட்டும் நீட்டினால், அது சுயேச்சையான நிபுணர் கருத்து அல்ல என்று ஆட்சேபியுங்கள்.

போன் இல்லாமல் எஸ்டேட் வேலை நடக்காது, பணம் கட்டியே ஆக வேண்டும் என்றால், கட்டும்முன் ‘ஆட்சேபத்துடன், உரிமையை விட்டுக்கொடுக்காமல்’ என்று மின்னஞ்சல் அனுப்பிவிட்டுக் கட்டுங்கள். கழற்றிய பழைய டிஸ்ப்ளேயைத் திரும்பக் கேட்டு வாங்குங்கள். அது அவர்கள் குப்பைத்தொட்டிக்குப் போய்விட்டால், விரிசலைத் தொடாமல் ஓடிய அந்தக் கோட்டைக் காட்ட உங்களிடம் படங்களைத் தவிர எதுவும் மிஞ்சாது.