விலைப்பட்டியலை ஒரே படிவத்தில் கேட்கும் கடிதம்: கேள்வி பதில்

கேள்வி: எங்களுக்குச் சரக்கு தரும் ஒவ்வொருவரும் ஒவ்வொரு விதமாக விலைப்பட்டியல் அனுப்புகிறார்கள். ஒரே படிவத்தில் அனுப்பும்படி கடிதம் எழுதப்போகிறேன். எந்த நெடுவரிசையை அதிகம் விளக்க வேண்டும்?

பதில்: விலையைத்தான். பொருளின் பெயர், குறியீடு போன்றவற்றுக்குத் தலா ஒரு வரி விளக்கம் போதும். ஆனால் விலை என்று மட்டும் தலைப்பிட்டால், போல்ட் விற்பவர் 100 எண்ணிக்கைக்கான விலையையும், சோப்பு விற்பவர் ஒரு பெட்டியின் விலையையும், கம்பி விற்பவர் ஒரு மீட்டரின் விலையையும் எழுதுவார்கள். அவரவர் தொழில் வழக்கப்படி மூவரும் எழுதியது சரியே. ஆகவே விலை, விலைக்குரிய அளவு, அலகு ஆகிய மூன்றையும் அடுத்தடுத்து வைத்து, கடிதத்தில் இப்படி எழுதலாம்:

"விலை என்னும் நெடுவரிசையில் எண்ணை மட்டும் இடவும். அந்த விலை எத்தனைக்கு உரியதோ அதை விலைக்குரிய அளவிலும், அது எண்ணிக்கையா, மீட்டரா, கிலோவா என்பதை அலகிலும் குறிக்கவும். ஒரு பெட்டியில் எவ்வளவு இருக்கும் என்பதற்குத் தனி நெடுவரிசை உள்ளது. அதை விலையோடு கலக்க வேண்டாம்."

இதன் கீழே நிரப்பிய வரிசை ஒன்றையும் காட்டுங்கள். விலை 250, விலைக்குரிய அளவு 100, அலகு எண்ணிக்கை, பெட்டி அளவு 50 என்றால், ஒன்றின் விலை 2.50, ஒரு பெட்டியின் விலை 125 ஆகும். பலர் விளக்கத்தைப் படிக்காமல் மாதிரி வரிசையைப் பார்த்தே நிரப்புகிறார்கள் என்பதால், அதை மிகுந்த கவனத்துடன் எழுத வேண்டும்.

கேள்வி: எல்லோரும் ஒன்றுக்கான விலையையே தர வேண்டும் என்று எழுதிவிட்டால் போதுமே, இவ்வளவு எதற்கு?

பதில்: ஒப்பிடுவதற்கு ஒன்றுக்கான விலை தேவை என்பது உண்மை. ஆனால் அந்த வகுத்தலை அவர்களிடம் விட்டால் தசமத்தைச் சுருக்கிவிடுவார்கள். 100 எண்ணிக்கைக்கு 12.35 என்றால் ஒன்றின் விலை 0.1235, அவர் 0.12 என்று எழுதினால், 10,000 எண்ணிக்கை வாங்கும்போது 1,235 வர வேண்டிய பில்லை நீங்கள் 1,200 என்று எதிர்பார்த்துக் காத்திருப்பீர்கள். அவர் விற்கும் விதத்திலேயே விலையைக் கேட்டு, வகுத்தலை உங்கள் தாளில் வைத்துக்கொள்வதே நல்லது. விலை D-யிலும் விலைக்குரிய அளவு E-யிலும் இருந்தால் இது போதும்:

```
=D2/E2
```

கேள்வி: எங்கள் படிவத்தில் 00457 என்று இருந்த குறியீடு, திரும்பி வரும்போது 457 ஆகிவிட்டது. வேண்டுமென்றே மாற்றுகிறார்களா?

பதில்: இல்லை. குறியீட்டை எண் என்று எடுத்துக்கொண்டு, முன்னால் உள்ள பூஜ்யங்களை எக்செல் நீக்கியிருக்கும். 13 இலக்க பார்கோடு இதைவிட மோசமாகப் பாதிக்கப்படலாம்: கட்டத்தில் `4.00638E+12` என்று தெரியும் நிலையில் சிஎஸ்வி கோப்பாகச் சேமித்தால், மீதி இலக்கங்கள் அந்தக் கோப்பில் இருக்கவே இருக்காது. பிறகு வடிவத்தை மாற்றினாலும் அவை திரும்பி வாரா; மூலக் கோப்பை மீண்டும் கேட்டு வாங்கத்தான் வேண்டும். எனவே அந்த நெடுவரிசைகளை நீங்களே உரை வடிவத்தில் அமைத்து அனுப்புங்கள். எக்செல் கோப்பாகவே திருப்பி அனுப்பும்படியும் கடிதத்தில் கேளுங்கள்.

கேள்வி: வரி விகிதம் மாறினால் பழைய பில்களை எப்படித் திருத்துவது?

பதில்: அது பில் சம்பந்தமான கணக்கு, இந்தக் கடிதத்தில் அடங்காது. கடிதம் கேட்க வேண்டியது, வரி சேர்க்காத விலையும், தனி நெடுவரிசையில் வரி விகிதமும், விலை நடைமுறைக்கு வரும் நாளும்தான். அந்தத் தேதியை `2026-04-03` என்பது போல ஆண்டு, மாதம், நாள் என்ற வரிசையில் கேளுங்கள். 03/04 என்று வந்தால் மார்ச்சா ஏப்ரலா என்று நீங்கள் ஊகிக்க நேரிடும்.

கேள்வி: புதிய பட்டியலில் ஒரு பொருள் இல்லையென்றால், அதை நிறுத்திவிட்டார்கள் என்று கொள்ளலாமா?

பதில்: கூடாது. விலை மாறிய பொருள்களை மட்டும் அவர் அனுப்பியிருக்கலாம். ஒவ்வொரு முறையும் முழுப் பட்டியலையே கேட்டு, நிலை என்னும் நெடுவரிசையில் புதியது, தொடர்வது, நிறுத்தப்பட்டது ஆகிய மூன்றில் ஒன்றை மட்டும் தேர்ந்தெடுக்கும்படி அமையுங்கள்.

கேள்வி: தள்ளுபடிக்கு நெடுவரிசை வைக்கலாமா, தள்ளுபடி போக நிகர விலையை மட்டும் கேட்கலாமா?

பதில்: இதில் எனக்கு முடிவான கருத்து இல்லை. நிகர விலை மட்டும் வந்தால் ஒப்பிடுவது எளிது. ஆனால் அடுத்த முறை விலை ஏறியதா, தள்ளுபடி குறைந்ததா என்று பிரித்தறிய முடியாது. அளவுக்கேற்பத் தள்ளுபடி மாறும் இடங்களில் ஒரு நெடுவரிசையும் போதாது. அந்தப் பொருளை, குறைந்தபட்ச அளவை மாற்றி, இரண்டு மூன்று வரிசைகளாக எழுதச் சொல்வதே எனக்குத் தெரிந்த வழி.