செருப்புக் கடைக்கு வாசகம்: பெட்டி அச்சடிக்கும் முன் பார்க்க வேண்டியது

"ஆம்பூரில் தோல் செருப்பு தைத்து விற்கிறோம். வேலூரில் கடை திறக்கப் போகிறோம். 'ஒவ்வொரு அடியும் சுகமே' என்பது வாசகம். இதை வேறு யாராவது வைத்திருப்பார்களோ? ஏஜென்ட் ஒருவர் காப்பிரைட் எடுத்துத் தருகிறேன் என்கிறார். பணம் கொடுக்கலாமா?"

கொடுக்காதீர்கள். இப்படிச் சின்ன வாசகத்துக்குக் காப்பிரைட் கிடையாது. லோகோவை ஓவியமாகப் பதிந்துவிட்டு, "உள்ளே வாசகமும் இருக்கிறது பாருங்கள்" என்று சர்டிபிகேட்டை நீட்டுவார்கள். அது படத்துக்குக் கிடைத்த காகிதம். உங்களுக்கு வேண்டியது டிரேட்மார்க். அதிலும் விண்ணப்ப எண் வந்த அன்றே 'பதிவாயிடுச்சு' என்பவர்கள் உண்டு. அந்த எண் வெறும் டோக்கன்தான்.

ஆனால் பதிவுக்கு முன்பே வாசகத்தில் ஒரு வம்பு இருக்கிறது. செருப்புக் கடையில் 'அடி' என்றால் நம் ஊரில் காலடி யாருக்கும் தோன்றாது, செருப்படிதான் தோன்றும். அதையும் சுகமே என்கிறீர்கள்! ஆட்டோவில் மைக் கட்டிச் சொன்னால் தெருப் பையன்கள் அன்றைக்கே பாட்டாக்கிவிடுவார்கள். இன்ஸ்டாகிராமில் ஆங்கில எழுத்தில் போட்டாலோ, 'அடி'யை 'ஆடி' என்று படிப்பார்கள்.

இதைக் கண்டுபிடிக்க வீட்டாரிடம் "நல்லா இருக்கா?" என்று கேட்டுப் பயனில்லை, நல்லா இருக்கு என்றுதான் சொல்வார்கள். போனில், படம் காட்டாமல், செருப்புக் கடை என்று மட்டும் சொல்லி ஒருமுறை வாசியுங்கள். கேட்டவர் என்ன புரிந்துகொண்டார் என்று அவர் வாயால் சொல்லச் சொல்லுங்கள். பத்துப் பேர் போதும். அதில் பள்ளிப் பையன் ஒருவன், வீட்டில் உருது பேசுபவர் ஒருவர், சித்தூர்ப் பக்கத்துத் தெலுங்குக்காரர் ஒருவர் கட்டாயம். யாராவது சிரித்தால் வாசகத்தை மாற்றுங்கள். 'அடி'க்குப் பதில் 'நடை' போட்டுப் பார்க்கலாம்.

மாற்றிய பிறகுதான் தேடல். ipindia.gov.in தளத்தில் டிரேட்மார்க் பொதுத் தேடல் இலவசம். அங்கே சரக்கையும் தொழிலையும் எண் போட்டு வகுப்புகளாகப் பிரித்திருக்கிறார்கள்: காலணிக்கு 25-ஆம் வகுப்பு, கடை வியாபாரத்துக்கு 35. முழு வாசகத்தையும் போடாதீர்கள். 'Sugame', 'sukame', 'sugam' என்று ஒரு சொல்லைப் பல எழுத்துக்கூட்டலில் 'Contains' வைத்துத் தேடுங்கள். ஒலி ஒத்ததைக் காட்டும் 'Phonetic' தேடலும் உண்டு. தளம் ஓ.டி.பி. கேட்கும், பாதியில் தொங்கும். வரிப்பணத்தில் ஓடுகிற தளம், என்ன சொல்ல! பொறுமையாக மறுபடி போடுங்கள்.

அங்கே இல்லை என்றால் முடிந்தது என்று நினைக்காதீர்கள். பதியாமலே முன்பிருந்து பயன்படுத்துபவருக்கும் சட்டத்தில் உரிமை உண்டு. ஆகவே கூகுளிலும் யூடியூபிலும் தமிழில் தேடுங்கள், ஆம்பூர், வாணியம்பாடி, ராணிப்பேட்டை கடைப் பலகைகளையும் பாருங்கள்.

இன்னொன்று. 'சுகம்' மாதிரி சரக்கைப் புகழும் சொல்லாகவே வாசகம் இருந்தால், அது வெறும் வர்ணனை என்று பதிவகம் ஆட்சேபிக்கும். இதற்கு ஒரு விலக்கு உண்டு: பல ஆண்டு பயன்படுத்தி, அது உங்கள் கடையைத்தான் குறிக்கிறது என்று மக்கள் அறிந்திருந்தால், பில், விளம்பரம், பெட்டி என்று சான்று காட்டி வாதாடலாம். புதுக் கடைக்கு அந்த வழி இல்லை. அதனால் கடைப் பெயரை முதலில் பதியுங்கள். தனிநபர் ஆன்லைனில் விண்ணப்பித்தால் ஒரு வகுப்புக்கு அரசுக் கட்டணம் 4,500 ரூபாய். பதிவு கிடைக்கும்வரை பெட்டியில் ™ போடலாம், ® கூடாது.