தூணில் வெட்டிய குழாய்த் தடம்: பூசி மறைப்பதற்கு முன்

"மண்டபம் ஊரில் கடலுக்கு அருகே வீடு கட்டுகிறோம். தண்ணீர்க் குழாய்க்காக 9 அங்குலத் தூணில் ஒன்றரை அங்குல ஆழம் வெட்டிவிட்டார்கள். உள்ளே கம்பி தெரிகிறது. பூசிவிட்டால் போதுமா?"

போதாது. வெட்டில் போன கான்கிரீட் தூணின் பரப்பில் சிறு பங்குதான். கவலை தருவது அந்தக் கம்பி. அது குறுக்கே செல்லும் ரிங் கம்பியா, அதில் கிரைண்டர் பட்ட பளபளப்பான வெட்டு உள்ளதா என்று விளக்கடித்துப் பாருங்கள். மேலிருந்து பாரம் இறங்கும்போது நெடுங்கம்பிகள் வெளியே பிதுங்காமல் பிடித்திருப்பவை ரிங்குகளே. ஒன்று அறுந்தால் அந்த இடத்தில் பிடிப்பில்லாத நீளம் இரட்டிப்பாகிறது. அறுந்திருந்தால் மேற்கொண்டு பாரம் ஏற்றாமல், பீம்களுக்கு முட்டுக் கொடுத்துவிட்டுக் கட்டமைப்புப் பொறியாளரை நேரில் அழைத்துக் காட்டுங்கள். ரிங்கை மீண்டும் இணைக்கும் முறையை அவர்தான் சொல்ல வேண்டும்.

அறாவிட்டாலும் சிக்கல் உண்டு. கடற்காற்று படும் கான்கிரீட்டில் கம்பிக்கு மேல் 45 மி.மீ. கவர், அதாவது மூடும் கான்கிரீட், வேண்டும் என்கிறது ஐ.எஸ். 456 என்ற இந்தியத் தரநிலை; உங்கள் வெட்டு ஏறத்தாழ 38 மி.மீ.யைத் தின்றுவிட்டது. சாதாரண மணல் பூச்சு உப்பைத் தடுக்காது. என் வீட்டிலும் இப்படித்தான் பூசி மறைத்தார்கள்; சில ஆண்டுகளில் தடத்தின் நெடுகிலும் பழுப்புக் கறையும், கம்பி துருவேறிப் பருத்ததால் செங்குத்து விரிசலும் வந்தன.

ஆகவே குழாயை எடுத்துவிட்டு, உதிரும் கான்கிரீட்டையும் துருவையும் நீக்கி, நல்ல தண்ணீரில் (நம் பக்கத்து உப்புக் கிணற்று நீர் வேண்டாம்) நனைத்து, சுருங்காத பாலிமர் ரிப்பேர் மார்ட்டரை அடுக்கடுக்காக அழுத்தி நிரப்புங்கள். குழாயைச் சுவரோரமாகக் கிளாம்ப் போட்டு வெளியே கொண்டுபோகலாம்.