20 ரூபாய் டிவிடெண்டும் பத்தரை வட்டியும்

கேள்வி: அம்பாசமுத்திரத்தில் பலசரக்குக் கடை வைத்திருக்கிறேன். போன வருஷம் மனைவியின் நகையை பேங்கில் வைத்து, பத்தரை சதவீத வட்டியில் 4 லட்சம் வாங்கி, ஒரு கம்பெனியின் 500 ஷேரை 800 ரூபாய்க்கு வாங்கினேன். அஞ்சு வருஷத்தில் டிவிடெண்ட் 10 ரூபாயிலிருந்து 20 ரூபாயாக ஏறிய கம்பெனி. விலை இன்னும் 800-ஐ ஒட்டியே நிற்கிறது. கடன் தவணை முடிகிறது. தங்கம் விலை ஏறிவிட்டதால் அதே நகைக்கு இன்னும் 3 லட்சம் தருகிறோம் என்கிறார்கள். டிவிடெண்ட் கணக்குப்படி ஷேர் 1,100 போகணும், அதையும் வாங்கி இதிலேயே போடுங்க அத்தான் என்கிறான் மச்சினன். அவன் போட்ட கணக்கை இத்துடன் அனுப்பியுள்ளேன். மகளுக்கு வரன் பார்க்கிறோம், முதலில் நகையைத் திருப்புங்க என்று வீட்டில் சண்டை. என்ன செய்யட்டும்?
— பெயர் வேண்டாம், அம்பாசமுத்திரம்

பதில்: அந்த 3 லட்சத்தை வாங்காதீர்கள். வீட்டில் சொல்வதுதான் சரி. ஏன் என்பதை மச்சினனின் தாளை வைத்தே சொல்கிறேன், ஏனென்றால் அவர் எடுத்த சூத்திரம் சரியானது. அதில் போட்ட ஒரு எண்தான் தப்பு.

```
P = D1 / (r − g)
```

P என்பது ஷேரின் நியாயமான விலை. D1 என்பது அடுத்த வருஷம் வரப்போகும் டிவிடெண்ட். r என்பது இந்த ஷேரிலிருந்து நீங்கள் எதிர்பார்க்கும் வருமானம். g என்பது டிவிடெண்ட் வருஷா வருஷம் ஏறும் வேகம். அவர் r-க்கு 12 சதவீதம் வைத்திருக்கிறார். அதில் எனக்கு மறுப்பில்லை. பத்தரை வட்டிக்குக் கடன் வாங்கி ஷேரில் போடுகிறவர் அதற்குக் கீழே எதிர்பார்த்தால் அர்த்தமே இல்லை.

g-க்கு அவர் முதலில் 15 எழுதி, அதை அடித்துவிட்டு 10 ஆக்கியிருக்கிறார். 10 ரூபாய் 20 ஆனதற்கு அஞ்சு வருஷக் கூட்டு வளர்ச்சி ஏறக்குறைய 15 சதவீதம், அது சரிதான். ஆனால் 12-லிருந்து 15-ஐக் கழித்தால் விடை மைனஸில் போகும். அதனால் 'குறைவாகவே வைப்போம்' என்று 10-க்கு இறங்கியிருக்கிறார். 20 ரூபாய் 10 சதவீதம் ஏறினால் அடுத்த டிவிடெண்ட் 22, அதை 0.02-ஆல் வகுத்தால் 1,100 வருகிறது.

இதே r-ஐ வைத்துக்கொண்டு g-ஐ மட்டும் மாற்றிப் பாருங்கள். 11 போட்டால் 2,220 ரூபாய். 9 போட்டால் 727. 8 போட்டால் 540. 6 போட்டால் 353. கம்பெனி அதே கம்பெனி, டிவிடெண்டும் அதே 20 ரூபாய்தான். r-க்கும் g-க்கும் நடுவிலுள்ள இடைவெளி சுருங்கச் சுருங்க, ஒரு சதவீத ஊகம் விலையை இரண்டு மடங்காக்கிவிடுகிறது. இடைவெளி இரண்டு, மூன்று சதவீதம் மட்டுமே இருந்தால் அந்த விடையை நம்பி நான் ஒரு ரூபாய்கூடப் போட மாட்டேன். மொபைல் ஆப்களில் 'உள்ளார்ந்த மதிப்பு' என்று பைசா சுத்தமாக ஒரு எண் பளிச்சென்று வருகிறதே, அதன் பின்னாலும் இப்படி யாரோ போட்ட ஒரு g இருக்கும். அதைக் காட்டாத ஆப்பை நம்பிப் பணத்தை இறக்காதீர்கள்.

அப்படியானால் g-ஐ எங்கிருந்து எடுப்பது? இந்தச் சூத்திரம் மைரன் கார்டன் என்ற பொருளாதார அறிஞரின் பெயரில்தான் வழங்குகிறது. அவரும் எலி ஷபிரோவும் 1956-இல் இதை எழுதினார்கள். கார்டன் தன் g-ஐப் பழைய டிவிடெண்ட் பட்டியலிலிருந்து எடுக்கவில்லை. கம்பெனி லாபத்தில் எத்தனை பங்கைப் பங்குதாரருக்குக் கொடுக்காமல் தன்னிடமே நிறுத்திக்கொள்கிறது, அந்தப் பணத்தில் எத்தனை சதவீதம் சம்பாதிக்கிறது, இந்த இரண்டையும் பெருக்கினால் வருவதுதான் அவருடைய g.

நீங்கள் அனுப்பிய ஆண்டறிக்கைப் பக்கத்தில் இரண்டுமே இருக்கின்றன. அஞ்சு வருஷத்துக்கு முன் ஒரு ஷேருக்கு லாபம் 30 ரூபாய், டிவிடெண்ட் 10. இப்போது லாபம் 40, டிவிடெண்ட் 20. லாபம் மூன்றில் ஒரு பங்குதான் கூடியிருக்கிறது, வருஷத்துக்கு 6 சதவீதத்துக்கும் சற்றுக் குறைவு. டிவிடெண்ட் இரட்டிப்பானதற்குப் பெரிய காரணம் வேறு: முன்பு லாபத்தில் மூன்றில் ஒரு பங்கைக் கொடுத்தார்கள், இப்போது பாதியைக் கொடுக்கிறார்கள். குளத்துக்கு வரத்து கொஞ்சம்தான் கூடியிருக்கிறது, மடையை அகலத் திறந்ததால் வாய்க்காலில் தண்ணீர் இரண்டு மடங்காகத் தெரிகிறது. தாமிரபரணிப் பாசனத்தில் இருக்கும் உங்களுக்கு இதற்கு மேல் விளக்கம் தேவையில்லை.

மடையை எவ்வளவு தூரம்தான் திறக்க முடியும்? லாபம் 6 சதவீதமும் டிவிடெண்ட் 15 சதவீதமுமாக ஏறிக்கொண்டே போனால், ஒன்பதாவது வருஷத்துக்குள் லாபம் முழுவதையும் டிவிடெண்டாகவே கொடுக்க வேண்டிவரும். அதற்குப் பிறகு கடன் வாங்கித்தான் கொடுக்க வேண்டும்.

பங்குதாரர் மூலதனத்தின் மீது கம்பெனி சம்பாதிப்பது 13 சதவீதம் என்று அதே பக்கத்தில் இருக்கிறது. லாபத்தில் பாதியை நிறுத்துகிறார்கள். 13-இல் பாதி ஆறரை. நடந்திருக்கும் லாப வளர்ச்சியும் 6-ஐ ஒட்டியே இருப்பதால், g-க்கு 6 போடுவதுதான் நியாயம். அப்போது விலை 353.

'இது ரொம்பக் கறார், இன்னும் அஞ்சு வருஷமாவது 10 சதவீதம் ஏறாதா' என்று மச்சினன் கேட்பார். சரி, அதையும் கொடுத்துப் பார்ப்போம். முதல் அஞ்சு வருஷ டிவிடெண்டுகளை 12 சதவீதத்தில் இன்றைய மதிப்புக்குக் கொண்டுவந்தால் சுமார் 95 ரூபாய். ஆறாவது வருஷத்திலிருந்து 6 சதவீதம் என்று வைத்தால், அப்போதைய விலை 569, அதன் இன்றைய மதிப்பு 323. இரண்டையும் சேர்த்தால் 418. இவ்வளவு விட்டுக்கொடுத்தும் 800-இல் பாதியைத்தான் தொட முடிகிறது.

சந்தை மட்டும் ஏன் 800 கொடுக்கிறது? அந்த விலை 12 சதவீதம் கொடுக்க வேண்டுமானால் டிவிடெண்ட் காலத்துக்கும் 9.3 சதவீதம் ஏற வேண்டும். 13 சதவீதம் சம்பாதிக்கும் கம்பெனி 9.3 வளர, லாபத்தில் 70 சதவீதத்துக்கு மேல் நிறுத்திக்கொள்ள வேண்டும். அப்படிச் செய்தால் 20 ரூபாய் டிவிடெண்ட் பதினொன்றரை ரூபாய்க்கு இறங்கிவிடும். டிவிடெண்டை வாரிக் கொடுப்பதும் வேகமாக வளர்வதும் ஒரே லாபத்திலிருந்துதான் வர வேண்டும். இரண்டையும் கூட்டிக்கொண்டே போகும் வழி, மூலதனத்தின் மீதான அந்த 13 சதவீதம் உயர்வதுதான். புதிய ஆலை, புதிய சந்தை என்று அதற்கு உறுதியான காரணம் இருந்தால் நான் சொன்ன 353 குறைவாகிவிடும், ஒத்துக்கொள்கிறேன். அப்படி ஒன்றும் உங்கள் கடிதத்திலும் இல்லை, அந்தப் பக்கத்திலும் இல்லை. 12-க்குக் குறைவாகக் கிடைத்தால் போதும் என்று இருப்பவர்களும் சந்தையில் உண்டு. அவர்கள் சொந்தப் பணத்தில் வாங்குகிறவர்கள்.

உங்கள் கடனுக்கு வருவோம். சூத்திரத்தைத் திருப்பிப் போட்டால், 800-க்கு வாங்கியவருக்கு நீண்ட காலத்தில் என்ன கிடைக்கும் என்று தெரியும். அடுத்த டிவிடெண்ட் 21 ரூபாய் 20 காசு, 800-இல் அது 2.65 சதவீதம். அதோடு 6 சதவீத வளர்ச்சியைச் சேர்த்தால் 8.65. அதுவும் எதிர்பார்ப்புதான், உத்தரவாதம் இல்லை. 2020 ஏப்ரலிலிருந்து டிவிடெண்ட் உங்கள் வருமானத்தோடு சேர்ந்து வரிக்கும் உள்ளாகிறது. பேங்க் வட்டி பத்தரை, அது நிச்சயம்.

கையில் வந்துபோன பணத்தைப் பார்த்தாலும் இதுதான். போன வருஷம் 500 ஷேருக்கு டிவிடெண்ட் 10,000. வட்டி 42,000. மீதி 32,000 கடைக் கல்லாவிலிருந்து போக வேண்டும். டிவிடெண்ட் 6 சதவீதம் ஏறி இந்த வட்டியை எட்ட ஏறக்குறைய 25 வருஷம் ஆகும். மச்சினன் முதலில் எழுதிய 15 சதவீதத்திலேயே ஏறினாலும் பத்து வருஷத்துக்கு மேல் ஆகும்.

உங்களைக் கெடுக்கப்போகும் பழக்கம் இதுதான்: தங்கம் ஏறும்போதெல்லாம் அதே நகையின் மேல் கூடக் கடன் வாங்கி, அதை ஷேரில் போடுவது. தங்கம் ஏறியதில் நகைக்கு வந்த லாபம் உங்கள் மனைவியுடையது. அதைக் கடனாக மாற்றினால் அதற்கும் பத்தரை சதவீதம் கட்ட வேண்டும். 7 லட்சத்துக்கு வட்டி வருஷத்துக்கு 73,500, 875 ஷேருக்கு டிவிடெண்ட் 17,500. நாளைக்குத் தங்கமும் ஷேரும் சேர்ந்து இறங்கினால், வரன் அமைகிற நேரத்தில் நகை பேங்கில் மாட்டிக்கொண்டிருக்கும்.

ஆகவே 500 ஷேரையும் விற்று, வரும் 4 லட்சத்தோடு வட்டிக்கு 42,000-ஐக் கடையிலிருந்து போட்டு நகையைத் திருப்புங்கள். வாங்கிய விலைக்கே விற்பதால் லாப வரி என்று பெரிதாக எதுவும் வராது. அந்தக் கம்பெனி மேல் பிரியம் இருந்தால், கடையில் மிஞ்சும் பணத்தில், விலை 450-க்குக் கீழே வரும்போது கொஞ்சம் கொஞ்சமாக வாங்கலாம். அந்த விலை வராமலே போகலாம், போகட்டும். 'மாதாமாதம் டிவிடெண்ட் வரும் கூடை' என்று சந்தா வாங்கிக்கொண்டு விற்கிறார்களே, அந்தப் பக்கமும் போக வேண்டாம். அதிலிருக்கும் கம்பெனிகளுக்கும் இதே கணக்கைத்தான் போட்டாக வேண்டும்.

மச்சினன் அடுத்த ஷேரோடு வந்தால், பத்து வருஷத்துக்கு ஒரு ஷேருக்கான லாபத்தையும் டிவிடெண்டையும் பக்கத்துப் பக்கத்தில் எழுதிக் கொண்டுவரச் சொல்லுங்கள். போனஸ் ஷேர், ஷேர் பிரிப்பு நடந்திருந்தால் பழைய எண்களைச் சரிக்கட்டியிருக்க வேண்டும். சொத்து விற்ற வருஷத்தில் ஒரு தடவை கொடுத்த சிறப்பு டிவிடெண்டை நீக்கியிருக்க வேண்டும். டிவிடெண்டை லாபத்தால் வகுத்த எண் வருஷா வருஷம் ஏறிக்கொண்டே போயிருந்தால், டிவிடெண்ட் வளர்ச்சியை எடுத்து g-இல் போடக் கூடாது.

அடுத்த டிவிடெண்ட் வரட்டும், அதன் பிறகு விற்கலாம் என்றும் சொல்வார். டிவிடெண்ட் உரிமை கழிந்த அன்று ஷேர் விலை ஏறக்குறைய அந்த அளவுக்கு இறங்கித்தான் ஆரம்பிக்கும். காத்திருக்கும் ஒவ்வொரு மாதமும் பேங்குக்கு 3,500 ரூபாய் போகும். இந்த வாரமே விற்றுவிடுங்கள்.